ஓடாத ஒரு ரன்: கிராமத்துக் கிரிக்கெட் கதைக்குள் இருக்கும் நிகழ்தகவு

என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பல ஆண்டுகள் இருந்த ஒரு கணக்கு இது. ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் ஒரு பெண் 30 பந்துகளைச் சந்திக்கிறாள், 6 முறை பவுண்டரி அடிக்கிறாள். ஒரு பந்தில் அவள் பவுண்டரி அடிக்காமல் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? 30-இல் 6-ஐக் கழித்தால் 24, 24-ஐ 30-ஆல் வகுத்தால் 4/5. பிள்ளைகள் அரை நிமிடத்தில் போட்டுவிடுவார்கள்.

ஆனால் விடை கிடைத்த பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. 4/5 என்று எழுதிய பையன், சாயங்காலம் மைதானத்துக்குப் போனதும், "மூணு பந்தா அடிக்கல, இந்தப் பந்து கண்டிப்பா அடிப்பான்" என்று சத்தியம் செய்வான். வகுப்பில் போட்ட பின்னமும் மைதானத்தில் பேசிய பேச்சும் ஒரே விஷயத்தைப் பற்றியவை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இந்த இடைவெளிக்காகத்தான் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறுகதை எழுதினேன். அந்தக் கதை எப்படி உருவானது, அதில் ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது, எங்கே நான் தவறவிட்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கதைக்கான விதை ஒரு ஐ.பி.எல். ஆட்டத்தில் கிடைத்தது. 2021 ஏப்ரல் 12, மும்பை வான்கடே மைதானம். பஞ்சாப் கிங்ஸ் 221 ரன் எடுத்திருந்தது. அதைத் துரத்திய ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கடைசி இரண்டு பந்துகளில் 5 ரன் தேவை. நூறைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்த சஞ்சு சாம்சன் பந்தை அடித்தார். ஒரு ரன் தாராளமாக ஓடலாம். மறுமுனையில் இருந்த கிறிஸ் மோரிஸ் ஓடியும் வந்துவிட்டார். சாம்சன் அவரைத் திருப்பி அனுப்பினார். கடைசிப் பந்தில் ஜெயிக்க ஆறு வேண்டும். சாம்சன் எல்லைக்கோட்டருகே கேட்ச் கொடுத்து 119 ரன்னில் ஆட்டமிழந்தார். ராஜஸ்தான் 4 ரன்னில் தோற்றது. மூன்று நாள் கழித்து அடுத்த ஆட்டத்தில் இதே மோரிஸ் சிக்ஸர்களாக அடித்து அணியை ஜெயிக்க வைத்தார். "பாத்தியா, அன்னிக்கே அவர்கிட்ட கொடுத்திருக்கணும்" என்று ஊரே சொன்னது. அந்த ஆட்டத்தை நூறு முறை திரும்ப ஆடினாலும் அந்த ரன்னை ஓட மாட்டேன் என்பதுதான் சாம்சனின் பதில்.

நூறு முறை திரும்ப ஆடுவது. நிகழ்தகவு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடைப்பது கடினம். நடந்தது ஒரு முறைதான். ஆனால் முடிவை எடைபோட, நடக்காத அந்த நூறு முறைகளை மனசுக்குள் நடத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைத்தான் கண்மாய்க்குள் கொண்டுவந்தேன்.

கதை நடப்பது சிவகங்கைப் பக்கம், கோடையில் வற்றிப்போன ஒரு கண்மாயில். கரையோரம் கருவேல மரங்கள்தான் எல்லைக்கோடு. ஆறு ஓவர் ஆட்டம், டென்னிஸ் பந்து, பக்கத்து ஊர்ப் பையன்களோடு பெட் மேட்ச். ஜெயித்தவர்களுக்குப் புதுப் பந்து. பாண்டி ஊரில் பெரிய அடிகாரன். சரவணன் கட்டை போடுகிறவன், லேசில் அவுட் ஆகமாட்டான், ஆனால் பந்து எல்லையைத் தாண்டாது. பாண்டியின் சித்தப்பா மகள் செல்வி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்கோர் எழுதுவது அவள் வேலை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தாளில் எழுதித் தூக்கிப்போடாமல், கோடை முழுக்க ஒரே நோட்டில் பந்து பந்தாகக் குறித்து வைத்திருக்கிறாள். கதையின் கணக்கெல்லாம் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

முதல் காட்சியில் பெட் மேட்ச் இல்லை. நம்ம ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் தங்களுக்குள் விளையாடுகிறார்கள். யார் முதலில் பேட் பிடிப்பது? நம்பர் போடுகிறார்கள். இதைச் செய்யாத கிராமத்துப் பிள்ளை இருக்காது: ஒருவன் தரையில் ஐந்து கோடு கிழித்து, ஒவ்வொரு கோட்டின் தலையிலும் 1 முதல் 5 வரை கலைத்து எழுதி, எண்களை பேட்டால் மூடிவிடுவான். மற்றவர்கள் ஆளுக்கொரு கோட்டின் வாலைத் தொட வேண்டும். நம்பர் போட்டவனுக்கு எந்த எண் எங்கே என்று தெரியும் என்பதால் மிஞ்சிய கோடுதான் அவனுக்கு.

இங்கே சரவணன் சண்டை போடுகிறான். "நான்தான் மொதல்ல தொடுவேன். மொதல்ல தொடுறவனுக்குத்தான் அஞ்சு கோடும் இருக்கு. கடைசி ஆளுக்கு என்ன இருக்கு?" கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும். செல்வி மண்ணில் எழுதிக் காட்டுகிறாள். முதலில் தொடுகிறவனுக்கு 1-ஆம் எண் கிடைக்க 1/5. இரண்டாவது ஆளுக்குக் கிடைக்க வேண்டுமென்றால், முதல் ஆள் அதை எடுக்காமல் இருந்திருக்க வேண்டும், அது 4/5. அப்புறம் மீதி நான்கு கோட்டில் இவன் சரியானதைத் தொட வேண்டும்; அது 1/4. இரண்டையும் பெருக்கினால் 4/5 × 1/4 = 1/5. மூன்றாவது ஆளுக்கு 4/5 × 3/4 × 1/3, மறுபடியும் 1/5. கடைசியில் மிஞ்சியதை எடுக்கிறவனுக்கும் 1/5 தான்.

பாடப்புத்தகம் இதைத் தொன்மை நிகழ்தகவு என்று சொல்கிறது. எல்லாக் கோட்டுக்கும் சம வாய்ப்பு உண்டு என்று நமக்கு முன்னமே தெரியும், ஆகவே ஆடிப் பார்க்காமலே எண்ணிச் சொல்லிவிடலாம். இந்தக் காட்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்கடுத்தது. முதல் ஆள் கோட்டைத் தொட்டவுடனே ஆசை தாங்காமல் பேட்டை லேசாகத் தூக்கிப் பார்த்துவிடுகிறான். 1 வந்திருந்தால் மீதிப்பேருக்கு வாய்ப்பு பூச்சியம். வரவில்லை என்றால் அடுத்தவனுக்கு 1/4. கோடுகள் மாறவில்லை, எண்கள் மாறவில்லை, நமக்குத் தெரிந்த விஷயம் மட்டும்தான் மாறியது. அதனாலேயே நிகழ்தகவும் மாறியது. நிபந்தனை நிகழ்தகவு என்ற சொல்லை நான் கதையில் சொல்லவில்லை. பேட்டைத் தூக்கின பையனின் கையில் மற்றவர்கள் அடிப்பதோடு காட்சி முடிகிறது.

பெட் மேட்ச் அன்று டாஸ். நம்ம கேப்டன் போன நான்கு டாஸும் தோற்றவன். "இன்னிக்கு நமக்குத்தான் விழும்" என்கிறான். தோற்கிறான். இந்த இடத்தில் கதையை நிறுத்தி வகுப்பில் ஒரு நிஜச் செய்தியைச் சொல்வேன். 2023 நவம்பர் 19, அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தொடங்கி, 2025 மார்ச் 9, துபாய் சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டம் வரை இந்திய அணி ஒருநாள் போட்டிகளில் தொடர்ந்து 15 டாஸ் தோற்றது. குறிப்பிட்ட 15 டாஸை அடுத்தடுத்துத் தோற்க வாய்ப்பு 32,768-இல் ஒன்று. இருந்தும் அடுத்த டாஸுக்கு வாய்ப்பு பாதிதான். நாணயத்துக்குப் பழைய கணக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. (அந்தச் சாம்பியன்ஸ் கோப்பையில் ஒரு டாஸும் ஜெயிக்காமல் எல்லா ஆட்டத்தையும் இந்தியா ஜெயித்தது. இதைச் சொன்னால்தான் பிள்ளைகள் டாஸை விட்டு அடுத்த விஷயத்துக்கு வருவார்கள்.)

இனி நோட்டு. நம்பர் போடுவதிலும் டாஸிலும் வாய்ப்பை முன்கூட்டியே எண்ணிவிடலாம். பாண்டி அடுத்த பந்தில் பவுண்டரி அடிப்பானா என்பதை அப்படி எண்ண முடியாது. "அடிப்பான், அடிக்கமாட்டான், ரெண்டுல ஒண்ணு, அதனால பாதி" என்று சொல்கிற பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேராவது உண்டு. இரண்டு விளைவுகள் இருப்பதால் மட்டும் இரண்டும் சம வாய்ப்பு ஆகிவிடாது. இங்கே ஒரே வழி, ஆடியதை எழுதி வைத்து எண்ணுவது. பாடப்புத்தகச் சொல்லில் பட்டறி நிகழ்தகவு.

செல்வியின் நோட்டில் பாண்டியின் வரிசை இப்படிப் போகிறது. முதல் 5 பந்துகளில் 3 பவுண்டரி. அன்றைக்குக் கேட்டிருந்தால் 3/5 என்றிருப்பாள். 20 பந்துகள் முடிந்தபோது 6 பவுண்டரி, அதாவது 3/10. 40 பந்துகளில் 9. 60 பந்துகளில் 12, அதாவது 1/5. மேலே சொன்ன புத்தகக் கணக்கின் 6/30-உம் இதே 1/5 தான்; தெரிந்தேதான் வைத்தேன். ஆரம்பத்தில் எகிறிய விகிதம் போகப்போக நிதானத்துக்கு வருவதைப் பிள்ளைகள் தாங்களே வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் பார்ப்பார்கள்.

இரண்டாம் உலகப்போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த ஜான் கெரிச் என்ற கணித ஆசிரியர் ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிப் பார்த்தார். முதல் 10-இல் தலை விழுந்தது 4 முறை. 10,000 முடிந்தபோது 5,067. தொடக்கத்தில் 40 சதவீதமாக இருந்தது 50.67-இல் வந்து நின்றது. செல்வியின் நோட்டு அதே வேலையைச் சின்ன அளவில் செய்கிறது. ஆனால் 60 என்பது 10,000 அல்ல. 60 பந்துகளில் 12 என்றால், பாண்டியின் உண்மையான வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் பத்தில் மூன்றுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்ற அளவுக்குத்தான் நம்பிச் சொல்ல முடியும். 1/5 என்பது நம்மிடம் உள்ள நல்ல மதிப்பீடு, அவ்வளவுதான். சரவணன் 60 பந்துகளில் 3 பவுண்டரி, அதாவது 1/20. அதுவும் அப்படித்தான்.

சரி, கடைசி ஓவர். பக்கத்து ஊர் 43 எடுத்தது. நம்ம ஊர் 40. இரண்டு பந்து பாக்கி, ஜெயிக்க 4 வேண்டும். பாண்டி பேட் பிடிக்கிறான், மறுமுனையில் சரவணன். பாண்டி அடித்த பந்து கருவேல மரத்துக்கு முன்னாலேயே மறிக்கப்படுகிறது. ஒரு ரன் இருக்கிறது. சரவணன் பாதித் தூரம் ஓடி வந்துவிட்டான். "போடா, போ!" என்று பாண்டி கத்துகிறான். ரன் இல்லை.

ஓடியிருந்தால் கடைசிப் பந்தில் சரவணன் 3 ரன் எடுக்க வேண்டும். அந்தக் கண்மாயில் மூன்று ரன் ஓடின ஆளே கிடையாது, ஆகவே பவுண்டரிதான் வழி: 1/20. ஓடாமல் நின்றதால் பாண்டி 4 எடுக்க வேண்டும், அதற்கும் பவுண்டரிதான் வழி: 1/5. தேவைப்பட்ட ரன் ஒன்று கூடினாலும் வாய்ப்பு நான்கு மடங்கு. வான்கடேயில் நிலைமை இவ்வளவு எளிதாக இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே சாம்சன் ஜெயிக்க ஆறு அடிக்க வேண்டும், மோரிஸுக்கு நாலு போதும். கதையில் இருவருக்கும் ஒரே அடிதான் தேவை என்று வைத்தது கணக்கைக் கையடக்கமாக்கத்தான்.

இதில் பிள்ளைகள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு பந்தும் இருந்தபோது, பாண்டியே இரண்டையும் ஓடாமல் நின்று ஆடுவதாக வைத்துக்கொண்டால், ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு? பெரும்பாலும் 1/5 + 1/5 = 2/5 என்று வரும். அப்படியானால் ஆறு பந்து இருந்தால் 6/5 ஆகுமே என்று கேட்டால் பேனா நின்றுவிடும். ஒன்றைத் தாண்டிய நிகழ்தகவு கிடையாது. இரண்டு பந்திலும் பவுண்டரி விழாமல் போக 4/5 × 4/5 = 16/25. மீதி 9/25, அதாவது 36 சதவீதம். மர வரைபடம் வரைந்தால் கண்ணால் பார்க்கலாம். முதல் பந்திலேயே பாண்டி அவுட் ஆகிவிட்டால் இரண்டாம் பந்து அவனுக்கு இல்லை என்பதால், உண்மை எண் இதைவிடக் கொஞ்சம் குறைவு.

இன்னொரு வழுக்கல் என்னுடையது. கதையை முதலில் படித்த வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சார், சரவணன் ரெண்டு ரன் எடுத்தா டிரா ஆயிருமே?" என்று கேட்டாள். நான் அதை யோசிக்கவே இல்லை. ஓடியிருந்தால் 41, இரண்டு எடுத்தால் 43, சமம். கட்டை போடுகிறவனுக்கு இரண்டு ரன் அவ்வளவு கடினம் இல்லை. நோட்டில் சரவணனுக்கு 60 பந்துகளில் 9 முறை இரண்டு ரன் என்று சேர்த்தேன். அப்போது கணக்கு சுவாரசியமாக மாறியது. ஓடினால் ஜெயிக்க 1/20, டிரா ஆக 3/20. ஓடாவிட்டால் ஜெயிக்க 1/5, டிரா கிட்டத்தட்ட இல்லை. டிரா ஆனால் பந்து யாருக்கும் கிடையாது என்று பேசியிருந்தால் ஓடாததே சரி. டிராவை அரை வெற்றி என்று எண்ணினாலும் ஓடினால் கிடைப்பது 1/20 + 3/40 = 1/8, அதுவும் 1/5-ஐவிடக் குறைவு. ஆனால் டிரா ஆனாலும் பந்து நமக்கே என்று பேசியிருந்தால், 1/20 + 3/20 = 1/5. இரண்டும் சமம்! எது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று நோட்டு சொல்லும். எது நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அது சொல்லாது, அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மாணவி கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் காட்சி கதைக்குள் வந்திருக்காது.

முடிவுக்கு வருகிறேன். கதை எழுதுகிறவன் கை தானாகவே கடைசிப் பந்தைக் கருவேல மரத்துக்கு மேலே தூக்கிவிடும். என் முதல் வடிவத்தில் பாண்டி பவுண்டரி அடித்தான், ஊர் ஜெயித்தது, செல்வியைத் தோளில் தூக்கினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டேன்: கடைசிப் பந்து பவுண்டரி போகாமல் இருந்திருந்தால், ஓடாமல் நின்றது சரியா தப்பா? வகுப்பில் பெரும்பாலோர் "தப்பு" என்றார்கள். அப்படியானால் கதை அவர்களுக்கு நிகழ்தகவைச் சொல்லித்தரவில்லை. முடிவைப் பார்த்து முடிவெடுத்தவனை எடைபோடுகிற பழைய பழக்கத்துக்கே இன்னொரு உதாரணம் கொடுத்திருக்கிறது. போதாததற்கு, ஐந்தில் ஒரு முறை நடக்கக்கூடியது கணக்கைச் சரியாகப் போட்டால் நடந்துவிடும் என்ற எண்ணத்தையும் விதைத்துவிட்டது.

அதனால் மாற்றி எழுதினேன். கடைசிப் பந்தைப் பாண்டி சுற்றினான், பந்து பின்னால் கீப்பர் கைக்குப் போனது. தோல்வி. கரையில் உட்கார்ந்திருந்த டீக்கடை மாமா, "அந்த ஒத்த ரன்ன ஓடியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்லடா" என்கிறார். பாண்டி பதில் சொல்லாமல் ஸ்டம்பைப் பிடுங்குகிறான். செல்விதான் பேசுகிறாள்: "மாமா, ஓடியிருந்தா இருபதுல ஒரு வாட்டி ஜெயிச்சிருப்போம். ஓடாம அஞ்சுல ஒரு வாட்டி. அஞ்சுல நாலு வாட்டி எப்படியும் தோக்கத்தான் செய்வோம். அந்த நாலுல ஒண்ணு இன்னிக்கு."

வசனம் நன்றாக வந்துவிட்டதாக நினைத்தேன். ஆனாலும் பாதிப் பிள்ளைகள் மாமா பக்கமே நின்றார்கள். அவர் சொன்னதைக் கண்ணால் பார்த்தாயிற்று, செல்வி சொன்ன ஐந்து ஆட்டங்களை யாரும் பார்க்கவில்லை. ஆக, பார்க்க வைக்க வேண்டும். அதற்காகச் சேர்த்ததுதான் புளியங்கொட்டைக் காட்சி. அதைக் கதையிலும் படிக்கலாம், வகுப்பிலும் செய்யலாம்.

ஒரு மஞ்சப்பையில் 20 புளியங்கொட்டை. அதில் 4-க்கு அடையாளம் இருந்தால் அது பாண்டி, 1-க்கு மட்டும் இருந்தால் சரவணன். பார்க்காமல் ஒன்றை எடு, அடையாளம் இருந்தால் பவுண்டரி. குறித்துக்கொண்டு கொட்டையைத் திரும்பப் பையில் போட்டுக் குலுக்கு. இது ஒரு கடைசிப் பந்து. இப்படியே 20 முறை. நாற்பது பேர் வகுப்பில் இருவர் இருவராகச் செய்தால் பாண்டிக்கு 400 கடைசிப் பந்துகள் ஒரே பீரியடில் கிடைத்துவிடும். சரவணனுக்கு இன்னொரு 400.

ஒவ்வொரு ஜோடிக்கும் 20-க்கு 4 வர வேண்டும் என்றுதான் பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். வராது. ஒரு ஜோடிக்கு 1 வரும், இன்னொரு ஜோடிக்கு 7 வரும். சரவணன் பையில் மூன்றில் ஒரு ஜோடிக்கு மேல் 20 முறையும் ஒன்றுமே வராமல் முடித்தால் அதில் ஆச்சரியம் இல்லை. 20 முறையும் தவறுவதற்கான வாய்ப்பு அங்கே சுமார் 36 சதவீதம். ஒரு ஜோடியின் பாண்டி பையில் வந்ததைவிடப் பக்கத்து ஜோடியின் சரவணன் பையில் அதிகம் வருவதும் எப்போதாவது நடக்கும். அப்போது சத்தம் கிளம்பும், கிளம்பட்டும். பிறகு எல்லா ஜோடிகளின் எண்ணையும் கரும்பலகையில் எழுதிக் கூட்டினால், பாண்டி 400-க்கு 80-ஐ ஒட்டியும் சரவணன் 20-ஐ ஒட்டியும் வந்து நிற்பார்கள். மாமா சொன்ன வழியில் போனால் எத்தனை பந்து கிடைக்கும், செல்வி சொன்ன வழியில் எத்தனை என்று இப்போது எண்ணிப் பார்க்கலாம்.

இதில் கெட்டுப்போகக்கூடிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன், செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும். தாயம் ஆடத் தேய்ப்பதுபோலக் கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துத்தான் நான் முதலில் அடையாளம் செய்தேன். கூட்டிப் பார்த்தால் பாண்டிக்கு அளவுக்கு மீறி பவுண்டரி. தேய்த்த பக்கம் தட்டையாகச் சொரசொரவென்று இருப்பதால் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் தெரிந்தோ தெரியாமலோ அதையே எடுக்கிறார்கள். சுண்ணாம்பில் சின்னப் பொட்டு வைத்துக் காயவிட்டதும் சரியானது. இன்னொன்று, எடுத்த கொட்டையைத் திரும்பப் போட மறப்பது. பொட்டு வைத்த ஒன்றை வெளியே வைத்துவிட்டால் அடுத்த முறை 4/20 அல்ல, 3/19. ஒரு ஜோடி சரவணன் பையில் முதல் எடுப்பிலேயே பொட்டு வந்து, அப்புறம் 19 முறையும் ஒன்றுமே வரவில்லை என்றால், கொட்டை மேசையில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

புளியங்கொட்டைக்கும் பாண்டிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது என்பதற்காக ஒரு சின்ன உரையாடல் வைத்திருக்கிறேன். எதிரணியின் கடைசி ஓவரைப் போட்டவன் அவர்களின் வேகமான பையன். "அவன் பந்துல பாண்டியண்ணே எத்தனை அடிச்சாரு?" என்று சரவணன் கேட்கிறான். செல்வி நோட்டைப் புரட்டுகிறாள்: 8 பந்துகளில் 1. அப்படியானால் 1/5 அல்ல, 1/8 தானே? சரவணன் அவன் பந்தைச் சந்தித்தது 2 முறைதான், பவுண்டரி இல்லை. அப்படியானால் அவனுடைய நிகழ்தகவு பூச்சியமா? 60 பந்துகளில் எல்லாப் பந்துவீச்சாளர்களும் கலந்திருக்கிறார்கள். கடைசிப் பந்துக்குப் பீல்டர்கள் எல்லாரும் எல்லைக்கோட்டுக்குப் போய்விட்டார்கள் என்பதும் அதில் இல்லை. அந்தப் பையனின் பந்துகளை மட்டும் எடுத்தால் கேள்விக்கு நெருக்கமாக வருகிறோம், ஆனால் கையில் இருப்பது 8-உம் 2-உம்தான். முதல் 5 பந்துகளில் 3/5 என்று வந்ததே, அந்த அளவுக்குத்தான் இவற்றையும் நம்பலாம். செல்வி இதற்குத் தீர்ப்புச் சொல்வதில்லை. "இன்னும் கொஞ்சம் எழுதணும்" என்கிறாள். கல்லூரி அளவிலும் புள்ளியியல்காரர்கள் மல்லுக்கட்டுகிற இடம் இது: எந்தக் கூட்டத்தோடு சேர்த்து எண்ணுவது என்பது.

கதையின் கடைசிப் பக்கம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வேறொரு ஊரோடு ஆட்டம். பாண்டி ஒரு பந்துகூடச் சந்திக்காமல் முன்னமே ரன் அவுட். கடைசிப் பந்தில் நாலு வேண்டும், வேறு ஆளே இல்லாமல் சரவணன் உள்ளே வருகிறான். வந்த ஒரே பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறான். பந்து கருவேல மரத்துக்கு அந்தப் பக்கம் விழுகிறது. டீக்கடை மாமா எழுந்து நின்று, "நான் அன்னிக்கே சொன்னேன்ல!" என்று கத்துகிறார். எல்லாரும் சரவணனைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார்கள், பாண்டிதான் முதல் ஆளாகத் தூக்குகிறான். செல்வி பின்னால் நடந்துகொண்டே நோட்டைத் திறக்கிறாள். பாண்டி பக்கத்தில் போன வாரமே 12/61 என்று இருக்கிறது. சரவணன் பக்கத்தில் 3/60-ஐ அடித்துவிட்டு 4/61 என்று எழுதுகிறாள்.